ஓராண்டாக எங்களிடம் அறை எடுத்து வருவதற்கு நன்றி

காரைக்குடி
6 ஏப்ரல் 2026

மதிப்பிற்குரிய நிர்வாக மேலாளர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் கணக்கை முடிக்கும்போது பதிவேட்டைப் புரட்டினேன். போன ஏப்ரலில் தொடங்கி ஒரு மாதம்கூட விடாமல் உங்கள் சர்வீஸ் இன்ஜினியர்கள் எங்கள் விடுதியில்தான் தங்கியிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் 214 இரவுகள். இதற்குப் போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதாது என்று பட்டது.

கார்த்திகையிலிருந்து மாசி வரை நாங்கள் அறைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. பிள்ளையார்பட்டிக்கு வருகிறவர்கள், கல்யாணக் கூட்டம், பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் என்று நிறைந்துவிடும். சித்திரை வெயில் ஏறியதும் வளவு வெறிச்சோடும். ஆடியில் கல்யாணமும் கிடையாது. முன்பெல்லாம் அந்த மாதங்களில் வேலையாட்களில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிடுவோம். போன வருடம் ஒருவரையும் அனுப்பவில்லை, சம்பளமும் தள்ளிப்போகவில்லை. ஆடியிலும் வாரம் தவறாமல் வந்த உங்கள் பதிவுகள்தான் அதற்குக் காரணம்.

உங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் பல்லவனில் வந்து இறங்கினாலும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று செருப்பை முகப்பிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கட்டில் பக்கத்தில் லேப்டாப்புக்குப் பிளக் பாயிண்ட் இல்லை என்று ஒருவர் சொன்னார். அவர் அறைக்கு வைத்தோம், அப்புறம் எல்லா அறைகளுக்கும் வைத்துவிட்டோம்.

தை மாதத்தில் ஒரு நாள் ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டோம். தவறு முழுக்க எங்களுடையது. உங்கள் இன்ஜினியர் முகம் சுளிக்காமல் மாடியில் இருந்த சிறிய அறைக்குப் போனார். அந்த இரவை நான் மறக்கவில்லை. இப்போது உங்கள் பதிவுகளுக்குத் தனிப் பக்கம் வைத்து, தினமும் மாலையில் நானே சரிபார்க்கிறேன். செப்டம்பர் 22 முதல் அறை வாடகைக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது பில்களைத் திருத்தி அனுப்பத் தாமதமானது. பொறுத்துக்கொண்ட உங்கள் கணக்குப் பிரிவினருக்கும் நன்றி.

2027 மார்ச் வரை உங்களுக்குப் பழைய வாடகையே. முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குள் ரத்து செய்தால் பணம் பிடிக்க மாட்டோம். விடியற்காலைப் பல்லவனைப் பிடிக்கிறவர்களுக்கு, முதல் நாள் இரவே சொல்லிவைத்தால், நாலரை மணிக்குக் காபியும் இட்லிப் பொட்டலமும் தயாராக இருக்கும்.

இத்தனை மாதமாகக் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறோம். ஒருமுறை குடும்பத்தோடு வாருங்கள் அம்மா, எங்கள் விருந்தாளியாக. சமையல்கட்டு ஆச்சி வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் செய்து தருவதாக இப்போதே சொல்லிவிட்டார்.

நன்றியுடன்,
விடுதி மேலாளர்