தண்டவாளத்தில் நகரும் தண்டு: படத்தில் இருக்கும் கணக்கின் விடை

தம்பி, நீ அனுப்பிய படம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஓரத்தில் நிழல் விழுந்திருந்தாலும் பெருக்கல் குறிகள் தெரிகின்றன. அப்படியென்றால் காந்தப்புலம் தாளுக்கு உள்நோக்கி. படத்திலிருந்து எடுத்தவை: B = 0.5 T, தண்டவாளங்களின் இடைவெளி l = 40 cm, தண்டு PQ வலப்பக்கம் நகரும் வேகம் v = 3 m/s, இடது முனையில் மின்தடை R = 1.5 Ω, தண்டின் மின்தடை r = 0.5 Ω. இணையான இரு தண்டவாளங்களுக்குக் குறுக்கே தண்டு கிடக்கிறது, P மேலே, Q கீழே. உராய்வு இல்லை. கணக்கில் கேட்டிருப்பவை: மின்னியக்கு விசை, மின்னோட்டமும் அதன் திசையும், P-க்கும் Q-க்கும் இடையேயான மின்னழுத்த வேறுபாடு, தண்டைச் சீரான வேகத்தில் இழுக்கத் தேவையான விசை.

முதலில் மின்னியக்கு விசை. சென்டிமீட்டரை மீட்டராக்கிக்கொள்.

ε = Blv = 0.5 × 0.4 × 3 = 0.6 V

மின்னோட்டத்துக்கு இரண்டு மின்தடைகளையும் கூட்ட வேண்டும். நீ R-ஐ மட்டும் வைத்து 0.4 A எழுதியிருக்கிறாய். தண்டும் அதே சுற்றில் தொடராகத்தான் இருக்கிறது.

I = ε/(R + r) = 0.6/2 = 0.3 A

இனி திசை. இங்கே விதியின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாதே, காரணத்தைப் பார். தண்டு வலப்பக்கம் போகப் போகச் சுற்றின் பரப்பு கூடுகிறது, அதனால் உள்நோக்கிய காந்தப்பாயமும் கூடுகிறது. லென்ஸ் விதிப்படி, தூண்டப்படும் மின்னோட்டம் அந்தக் கூடுதலை எதிர்க்க வேண்டும். அதாவது, சுற்றுக்குள் அது உண்டாக்கும் புலம் தாளிலிருந்து வெளிநோக்கி வர வேண்டும். வலது கைக் கட்டைவிரலை உன்னை நோக்கி நீட்டிப் பார். மற்ற விரல்கள் இடஞ்சுழியாக மடங்கும். ஆகவே மின்னோட்டம் இடஞ்சுழி. தண்டில் Q-இலிருந்து P-க்கு, மின்தடையில் மேலிருந்து கீழே.

இதை இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். தண்டுக்குள் இருக்கும் ஒரு நேர் மின்னூட்டம் தண்டோடு சேர்ந்து வலப்பக்கம் போகிறது. அதன் மீதான விசை q(v × B). v வலப்பக்கம், B உள்நோக்கி என்றால் விசை மேல்நோக்கி, P பக்கம். உண்மையில் ஓடுபவை எலக்ட்ரான்கள். அவை Q பக்கம் தள்ளப்படுகின்றன. இரண்டிலும் விடை ஒன்றே: P நேர்முனை.

"மின்னோட்டம் உயர் மின்னழுத்தத்திலிருந்து தாழ்வுக்குத்தானே போகும், பிறகு எப்படி P உயர்வு?" என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. நீ சொல்வது R-க்குப் பொருந்தும். தண்டு இங்கே பேட்டரி. பேட்டரிக்குள் மின்னோட்டம் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குத்தான் போகும். P-க்கும் Q-க்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு 0.6 V அல்ல:

V = ε − Ir = 0.6 − 0.15 = 0.45 V

கடைசிப் பிரிவு, சீரான வேகத்துக்குத் தேவையான விசை. மின்னோட்டம் பாயும் தண்டின் மீது காந்தவிசை இடப்பக்கம், இயக்கத்துக்கு எதிராக. அதே அளவு வலப்பக்கம் இழுக்க வேண்டும்.

F = BIl = 0.5 × 0.3 × 0.4 = 0.06 N

இழுப்பவர் தரும் திறன் Fv = 0.18 W. மின்தடைகளில் வெப்பமாவது I²(R + r) = 0.09 × 2 = 0.18 W. இரண்டும் பொருந்துகின்றன. திசையைத் தலைகீழாக எடுத்திருந்தால் காந்தவிசை தண்டை வலப்பக்கமே தள்ளும். யாரும் இழுக்காமலே வேகம் ஏறிக்கொண்டே போகும், ஆற்றல் எங்கிருந்தோ வந்ததாகிவிடும்.