மெய்யழகன் பார்க்கலாமா? கதையை உடைக்காமல் ஒரு பதில்

அண்ணே, மெய்யழகன் படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு முதலில் பதில் எழுதிய ஒரு தம்பி கடைசிக் காட்சி வரைக்கும் கதையைச் சொல்லிவிட்டார். இன்னும் படிக்கவில்லை என்றால் அதை அப்படியே தாண்டி வந்துவிடுங்கள். நான் முதல் கால் மணி நேரத்தைத் தாண்டி எதுவும் சொல்லப் போவதில்லை. டிரெய்லரிலேயே இருப்பதுதான்.

1996-ல் தஞ்சாவூரில் ஒரு குடும்பம் சொத்துத் தகராறில் பரம்பரை வீட்டை இழந்து சென்னைக்குப் போகிறது. 22 வருடம் கழித்து அந்த வீட்டுப் பையன் அருள்மொழி, அதாவது அரவிந்த்சாமி, தங்கச்சி முறையுள்ள ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். தலையைக் காட்டிவிட்டு ராத்திரியே திரும்பிவிடலாம் என்பதுதான் அவர் திட்டம். மண்டபத்தில் ஒருவர் "அத்தான்" என்று வந்து ஒட்டிக்கொள்கிறார். அது கார்த்தி. அவர் யார், என்ன பெயர் என்று அருளுக்கு ஞாபகமே வரவில்லை. இவ்வளவு தெரிந்தால் போதும். விக்கிப்பீடியா பக்கம் போகாதீர்கள், யூடியூபில் துண்டு துண்டாகக் கிடக்கும் காட்சிகளையும் பார்க்காதீர்கள். இந்தப் படத்தில் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் ராத்திரி முழுக்க நாமும் கூடவே உட்கார்ந்திருக்கிறோம்.

நீங்கள் கேட்டது, படம் ரொம்ப மெதுவாமே என்று. ஆமாம், மெதுவாகத்தான் போகிறது. சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. இரண்டு ஆண்கள் உட்கார்ந்து சாப்பிட்டு, குடித்து, நடந்து, பேசுகிறார்கள். ஆனால் அந்த மெதுவை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். பெயர் தெரியாத ஒருவரிடம் "நீங்க யாரு?" என்று கேட்க முதல் ஐந்து நிமிடம் வரைக்கும்தான் நேரம் இருக்கிறது. அதற்கப்புறம் கேட்கவே முடியாது. அவர் இலை போட்டுப் பரிமாறிவிட்டார், சின்ன வயசுக் கதை சொல்லிவிட்டார், இனிமேல் எப்படிக் கேட்பது? நேரம் போகப் போகத்தான் அந்தச் சங்கடம் கனமாகிறது. வேகமாக வெட்டி எடுத்திருந்தால் இது வெறும் காமெடியாகப் போயிருக்கும்.

இது எனக்கு நடந்திருக்கிறது. சில வருடம் முன்னால் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்காரப் போகும்போது ஒரு பெரியவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "என்னைத் தெரியுதா மாப்ளே?" என்றார். சந்தனமும் வெற்றிலையும் கலந்த வாசனை. உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. தெரியும் மாமா என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு அம்மாவிடம்கூட அவர் யார் என்று கேட்க மனசு வரவில்லை. இன்று வரை அவர் பெயர் எனக்குத் தெரியாது. அரவிந்த்சாமி பதில் தெரியாமல் சிரித்துச் சமாளிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

நடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் கார்த்தியைப் புகழ்கிறார்கள், தகும். வெள்ளந்தியான மனிதரை நடிப்பது கஷ்டம், கொஞ்சம் கூடினாலும் நடிப்பு என்று தெரிந்துவிடும். ஆனால் எனக்கு இது அரவிந்த்சாமி படம். பாதிப் படம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கண் ஒரு பக்கம் அலைகிறது, உதடு ஒரு பதிலைத் தொடங்கி நிறுத்துகிறது. கல்யாண மேடையில் ஒரு காட்சி வருகிறது. என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். அங்கே பெரிய வசனம் ஒன்றும் இல்லை, கைகளும் முகங்களும்தான். தியேட்டரில் என் வரிசையில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நானும்தான். ராஜ்கிரண் மாமாவாக வருகிறார், கொஞ்ச நேரம்தான், அந்த நேரமே போதுமானதாக இருக்கிறது.

மகேந்திரன் ஜெயராஜுவின் கேமரா டெல்டா ராத்திரியை அழகுபடுத்திக் காட்டவில்லை, இருக்கிற வெளிச்சத்தில் இருக்கிறபடி காட்டுகிறது. கோவிந்த் வசந்தாவின் இசை தேவைப்படும் இடத்தில் மட்டும் வருகிறது. கமல் குரலில் வரும் பாட்டுகளைப் படத்துக்கு முன்னால் கேட்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

சரி, பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். இடைவேளைக்கு அப்புறம் கார்த்தி பாத்திரம் ஊர், வரலாறு, வீரம் என்று நீளமாகப் பேசும் இடங்கள் இருக்கின்றன. பேசும் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அங்கே அந்த மனிதர் பேசுகிற மாதிரி இல்லை, இயக்குநர் பிரேம்குமார் பேசுகிற மாதிரி இருக்கிறது. அதுவரை இரண்டு பேருக்கு நடுவில் இருந்த கயிறு அந்த நேரம் தொய்ந்து போகிறது. முதல் வாரத்தில் முழு நீளப் படத்தைப் பார்த்தேன். ரிலீஸான சில நாளிலேயே இயக்குநர் சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார் இல்லையா, அந்தப் பிரதியை அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். குறைத்தது சரியா தப்பா என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. வெட்டிய பிரதியில் பின்பாதி இறுக்கமாக இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பேச்சோடு பேச்சாகச் சில மௌனங்களும் போய்விட்டன. எனக்கு நீளமான பிரதிதான் பிடித்தது, அதன் தொய்வோடு சேர்த்தே.

இன்னொரு குறை. கார்த்தி நடிக்கும் அந்த மனிதர் கொஞ்சம் கூடுதலாக நல்லவர். ஒரு கோபம், ஒரு பொறாமை, ஒரு சின்னக் கணக்கு, ஏதாவது ஒன்று இருந்திருந்தால் இன்னும் நெருங்கி வந்திருப்பார். ஸ்ரீதிவ்யா பாத்திரத்துக்கும் இன்னும் இடம் கொடுத்திருக்கலாம்.

96 படம் மாதிரி இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். இயக்குநரும் இசையமைப்பாளரும் அவர்களேதான், இதுவும் பெரும்பாலும் ஒரு ராத்திரியில் நடப்பதுதான். ஆனால் அதில் இருந்த ஏக்கம் வேறு. இதில் இருப்பது சொந்த ஊரிடம் கோபித்துக்கொண்டு போன ஒருவருக்கும் அந்த ஊருக்கும் நடுவில் உள்ள விஷயம். காதல் படம் என்று நினைத்து உட்கார வேண்டாம்.

அம்மா எப்படிப் பார்த்தார் என்பதையும் சொல்கிறேன். நாங்கள் மன்னார்குடிப் பக்கம், வீட்டை விற்றுவிட்டு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. வீட்டைக் காலி செய்யும் அந்த ஆரம்பக் காட்சிகளில் அம்மா திரையைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த பையின் கைப்பிடியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து ஆட்டோவில் வரும்போது, நம் வீட்டு முற்றத்துத் தூணில் என் உயரத்தைக் குறித்து வைத்த கோடுகள் இன்னும் இருக்குமா என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் என் பதில், பாருங்கள். போனில் வேண்டாம், பஸ்ஸில் போகும்போது வேண்டாம். ஒரு சனிக்கிழமை ராத்திரி, சாப்பிட்டு முடித்து, மூன்று மணி நேரம் ஒதுக்கி, முடிந்தால் ஊரை விட்டு வந்த யாராவது ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். முதல் அரை மணி நேரத்தில் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம், அதற்கப்புறம் படம் வேறு ஆளாக மாறாது.

பார்த்து முடித்ததும் எனக்குத் தனியாக எழுதுங்கள் அண்ணே. அந்த மேடைக் காட்சியில் அருள் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதைப் பற்றி அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நீங்கள் யார் பக்கம் என்று தெரிய வேண்டும்.