கடன் வசூல் முகவரின் வசவு, மிரட்டல் அழைப்புகள் குறித்துப் புகார்

திருப்பூர்,
25.11.2024

அனுப்புநர்:
ச. மல்லிகா,
15 வேலம்பாளையம், திருப்பூர்.

பெறுநர்:
1. குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள், தனிநபர் கடன் பிரிவு, நிதி நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை.
2. ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் அவர்கள், மையப் பதிவு மற்றும் செயலாக்க மையம், இந்திய ரிசர்வ் வங்கி, 4-ஆம் தளம், செக்டர் 17, சண்டிகர் – 160017.

பொருள்: 4417 என முடியும் கடன் கணக்கு – வசூல் முகவரின் ஆபாசப் பேச்சு, மிரட்டல், மூன்றாம் நபர்களுக்கு அழைப்பு – நடவடிக்கை வேண்டுதல்.

பார்வை: 14.10.2024 அன்று நிறுவனத்துக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல் புகார், 22.10.2024 அன்று வந்த பதில்.

ஐயா / அம்மையீர்,

வீட்டு மாடியில் பனியன் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறேன். ஓவர்லாக் மெஷின் வாங்க 2023 ஜூன் மாதம் நிறுவனத்தின் ஆப் வழியாக ரூ.1,50,000 தனிநபர் கடன் வாங்கினேன். 24 தவணை, மாதம் ரூ.7,931. 2024 ஆகஸ்ட் வரை ஒரு மாதம்கூடப் பிசகாமல் கட்டியிருக்கிறேன். தைத்துக் கொடுத்த சரக்குக்கு பில் பணம் வராததால் செப்டம்பர், அக்டோபர் தவணைகள் நின்றன. பாக்கி இருப்பதை நான் மறுக்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. கேட்ட விதம் பற்றித்தான் இந்தப் புகார்.

அக்டோபர் 8-ஆம் தேதி முதல் அழைப்பு வந்தது. பேசியவர் தன் பெயரையும் ஏஜென்சியின் பெயரையும் சொல்லவில்லை, கேட்டதற்கு, "பேரைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?" என்றார். மறுநாளிலிருந்து வேறு வேறு எண்களில் அதே குரல். காலை ஏழு மணிக்கு முன்பும் இரவு பத்து மணியை ஒட்டியும் அழைப்புகள் வந்தன. எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். அக்டோபர் 11 இரவு 9:52-க்கு வந்த அழைப்பை என் போன் பதிவு செய்திருக்கிறது. ஆர்டர் அவசரம், நைட்டும் தைக்கிறோம், பில் வந்ததும் கட்டிவிடுகிறேன் என்று நான் சொன்னதற்கு அவர் கேட்டது: "நைட் ஷிப்டு தைக்கிறதுக்குத்தானா, வேற எதுக்காவதா?" அதற்கு மேல் பேசியதை என் கையால் எழுத மாட்டேன். பதிவு இணைப்பில் இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள். அப்போது என் மகள் பக்கத்தில்தான் இருந்தாள்.

அப்புறம் மிரட்டல். ஒரு நாள் கோர்ட்டிலிருந்து பேசுவதாகவும் வாரண்ட் தயாராகிவிட்டதாகவும் சொன்னார். இன்னொரு நாள் ஆள் அனுப்பி மெஷினைத் தூக்கிவிடுவேன் என்றார். இது அடமானம் இல்லாத கடன். ஒப்பந்தத்தில் மெஷின் பற்றி ஒரு வரி கிடையாது. என் புகைப்படத்தின் மேல் "ஏமாற்றுக்காரி" என்று எழுதி வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி, "நாளைக்கு எல்லா குரூப்புலயும் வரும்" என்று குரல் செய்தி போட்டார். கடன் விண்ணப்பத்துக்காக ஆப்பில் நான் எடுத்த அதே செல்ஃபி அது. அது அவர் கைக்குப் போனது எப்படி என்பதை நிறுவனம்தான் விளக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தில் நான் கொடுத்த பரிந்துரை எண் ஒன்றே ஒன்று, என் தம்பியுடையது. ஆனால் முகவர் என் கொழுந்தனாருக்கும், எனக்கு ஆர்டர் கொடுக்கும் கம்பெனியின் சூப்பர்வைசருக்கும், வீட்டு உரிமையாளர் அம்மாவுக்கும் பேசியிருக்கிறார். அந்த அம்மாவிடம் எடுத்த எடுப்பிலேயே, "ஓனரம்மா கீழ் வீடுங்களா?" என்று கேட்டிருக்கிறார். என் போனில் அவர் எண்ணை நான் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன். ஊரில் வேறு யாரும் அவரை அந்தப் பெயரில் அழைப்பதில்லை. என் தொடர்பு எண்கள் முழுவதையும் ஆப் எடுத்து முகவரிடம் கொடுத்திருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? "மாடியில இருக்கிறவ ஊரை ஏமாத்துறா, நாளைக்கு உங்க வாடகைக்கும் இதே கதிதான்" என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறார். சூப்பர்வைசருக்குப் போன அழைப்புக்குப் பிறகு எனக்கு வர வேண்டிய அடுத்த ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டது. கடன் வசூலிக்க வந்தவர், கடன் கட்டுவதற்கு இருந்த வழியை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இவ்வளவையும் அக்டோபர் 14 அன்று நிறுவனத்துக்கு எழுதினேன். 22-ஆம் தேதி வந்த பதில்: "உரிய குழுவுக்குத் தெரிவிக்கப்பட்டது, புகார் முடிக்கப்பட்டது." உரிய குழு யார் என்பது மறுநாள் காலையிலேயே தெரிந்தது. அதே முகவர் அழைத்து, "மெயில் போடுறியா? படிச்சேன்" என்றார். என் புகார், யார்மேல் கொடுத்தேனோ அவர் கையிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அக்டோபர் 28 அன்று கிளைக்கு நேரில் போய் ஒரு தவணை ரூ.7,931 கட்டி ரசீது வாங்கினேன். அன்று மாலையே முகவர் அழைத்து, "அது அபராதத்துக்குச் சரியாப் போச்சு, தவணை அப்படியேதான் நிக்குது" என்றார். தீபாவளியன்று காலை 6:20-க்கும் அழைப்பு வந்தது. நவம்பர் 5-ஆம் தேதித் தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விட்டது. என் கணக்குப்படி இன்று நிற்பது ஒரே ஒரு தவணையும் அதற்குரிய கட்டணமும்தான். அழைப்புகள் இன்னும் நிற்கவில்லை.

கிளையில் கேட்டால், "அவங்க ஏஜென்சி ஆளுங்க, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்கிறார்கள். ரிசர்வ் வங்கி அப்படிச் சொல்லவில்லை. 2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, முகவரின் செயல்களுக்குக் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பாக்கி கேட்டு அழைக்கக் கூடாது. மிரட்டவோ, பலர் அறிய அவமானப்படுத்தவோ, குடும்பத்தார், நண்பர்களின் தனிமையில் தலையிடவோ கூடாது. 2022 செப்டம்பர் 2-ஆம் தேதியிட்ட டிஜிட்டல் கடன் விதிகள், கடன் ஆப்கள் போனிலுள்ள தொடர்பு எண்களை எடுப்பதைத் தடுக்கின்றன. வசூலுக்கு முகவரை நியமித்தால் அவர் விவரத்தைக் கடன்தாரருக்குத் தெரிவிக்கவும் சொல்கின்றன. எனக்கு அப்படி ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

நிறுவனத்திடம் நான் கேட்பது: அந்த முகவரை இந்தக் கணக்கிலிருந்து உடனே நீக்கி, அவர் பெயர், ஏஜென்சியின் பெயர் இரண்டையும் எழுத்தில் தாருங்கள். அக்டோபர் 8 முதல் உள்ள அழைப்புப் பதிவுகளை அழிக்காமல் வையுங்கள். ஆப் எடுத்த என் தொடர்பு எண்களை நீக்கி, நீக்கியதை உறுதி செய்யுங்கள். அவர் பேசிய மூவருக்கும், அந்த அழைப்புகள் தவறானவை என்று நிறுவனத்தின் பெயரில் கடிதம் போக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அபராதக் கட்டணத்தின் முழுக் கணக்கையும் கொடுங்கள். மீதித் தவணையை டிசம்பர், ஜனவரி என இரண்டாகப் பிரித்துக் கட்டுகிறேன். இனி என்னிடம் பேசுவதென்றால் கிளை அலுவலர் பேசட்டும், அல்லது கடிதம் அனுப்புங்கள்.

குறைதீர்ப்பாளர் அவர்களுக்கு: நிறுவனத்தின் பதில் எனக்கு ஏற்புடையதாக இல்லாததால், 2021-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின் கீழ் தங்களிடம் வருகிறேன். இதே புகாரை cms.rbi.org.in தளத்திலும் பதிவு செய்கிறேன். இது எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் இல்லை. மேற்கண்டவற்றைச் செய்யுமாறு நிறுவனத்துக்கு உத்தரவிடவும், மன உளைச்சலுக்கு இத்திட்டம் அனுமதிக்கும் ரூ.1 லட்சம் வரம்புக்குள் ரூ.50,000 இழப்பீடு வழங்கச் செய்யவும் வேண்டுகிறேன். புகைப்பட மிரட்டல் குறித்துக் காவல் நிலையத்தில் தனியாக மனு கொடுத்து ரசீது பெற்றுள்ளேன்.

இப்படிக்கு,
ச. மல்லிகா

இணைப்பு: அழைப்புப் பட்டியலின் திரைப்பிடிப்புகள், குரல் பதிவுகள் அடங்கிய பென் டிரைவ், வாட்ஸ்அப் படம், குரல் செய்தி, 14.10.2024 மின்னஞ்சலும் அதற்கான பதிலும், 28.10.2024 ரசீது நகல்; வங்கிக் கணக்கு அறிக்கை; வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம்; காவல் நிலைய மனு ரசீது நகல்.