நிலா ஏன் இப்போ?

காலை ஏழரை மணி. தெருமுனையில் பள்ளி வேனுக்காக நின்றிருந்தோம். யாழினி அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேல், சற்றே மேற்கே சாய்ந்து, தேங்காய் மூடி மாதிரி வெளுத்த அரை நிலா.

"அம்மா, நிலா ஏன் இப்போ?"

பகலில் எப்படித் தெரிகிறது என்று கேட்கிறாள் என நினைத்தேன். சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டேன்.

"இப்போன்னா என்னடா கண்ணு? எது உனக்கு ஒரு மாதிரி இருக்கு?"

"நேத்து ராத்திரி மாடியில தேடினேன்ல? அப்போ இல்ல. நான் தூங்கினதும் வந்துச்சா?"

அட, அதுவா!

"ஆமாடா, நிஜமாவே நீ தூங்கினப்புறம்தான் வந்துச்சு. போன வாரம் பௌர்ணமிக்குச் சாயங்காலமே வந்துச்சுல்ல? அப்புறம் தினமும் சுமாரா 50 நிமிஷம் லேட். நேத்து கிட்டத்தட்ட நடுராத்திரிதான் வந்துச்சு. அதான் இன்னும் வீட்டுக்குப் போகல."

"அப்போ என்மேல கோவமில்லையா?"

"இல்லவே இல்லடா."

வேன் வந்தது. ஜன்னல் வழியே நிலாவுக்கும் சேர்த்துக் கையாட்டினாள்.