மூன்றாம் பேச்சாளர் மறுப்புரை: "சென்னையின் குடிநீருக்குக் கடல்நீர்ச் சுத்திகரிப்பே தீர்வு" (எதிர்த்துப் பேசும் அணி)

மொத்தம் 3 நிமிடம். தொடக்கமும் முடிப்பும் மாறாது. நடுவில் நான்கு துண்டுகளில் இரண்டை மட்டும் எடுக்கவும். எதிரணி அதிக நேரம் செலவிட்ட வாதத்துக்கான துண்டு முதலில் வரட்டும். மூன்றைத் தொட்டால் முடிப்புக்கு முன்பே மணி அடித்துவிடும்.

தொடக்கம் (30 நொடி)

நடுவர் அவர்களே, கடலோர ஆலைகள் வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. நாங்கள் மறுப்பது தலைப்பிலுள்ள ஓர் எழுத்தை. 'சுத்திகரிப்பே' என்பதில் இருப்பது பிரிநிலை ஏகாரம். மற்ற வழிகள் அனைத்தையும் அது விலக்குகிறது. ஆலை பயன்படும் என்று காட்டினால் மட்டும் போதாது. ஏரியும் கிணறும் கழிவுநீர் மறுபயன்பாடும் தீர்வாகா என்றும் எதிரணி காட்ட வேண்டும்.

(இங்கே எதிரணியின் வாக்கியம் ஒன்றை அவர்கள் சொன்ன சொற்களிலேயே சொல்லவும். திரித்துச் சொன்னால் அவர்கள் எழுந்து மறுப்பார்கள், 20 நொடி போய்விடும்.)

துண்டு 1: "மழை பொய்க்கும், கடல் பொய்க்காது" என்றிருந்தால்

கடல் பொய்க்காது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட மீஞ்சூர் ஆலை 2010இலேயே வந்துவிட்டது. அதே திறனுள்ள நெம்மேலி ஆலை 2013இல் வந்தது. இரண்டும் இருந்தும் அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, நடைக்கு 25 லட்சம் லிட்டர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், இதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. மழை வராததை விட வந்ததைப் பிடித்துவைக்காததுதான் பெரிய இழப்பு.

(எதிரணி "அதனால்தான் பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலை" என்று முன்பே சொல்லியிருந்தால் இதையும் சேர்க்கவும்: "ஆலை பெரிதாவதால் ஏகாரம் நிரூபணமாகாது. ஏரிகள் நிரம்பாத ஆண்டில் மொத்தத் தேவையையும் ஆலைகள் தரும் என்று கணக்குக் காட்டட்டும்.")

துண்டு 2: "மழைநீர்ச் சேகரிப்பு தோற்றுவிட்டது" என்றிருந்தால்

இது அவர்களின் வலுவான வாதம், அதனால் கணக்கோடு பதில் சொல்கிறேன். 1,000 சதுர அடி மொட்டைமாடி 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் அதில் விழுவது ஏறத்தாழ 1,20,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 96,000 லிட்டர் மிஞ்சும். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நால்வருக்கு நாளைக்கு 540 லிட்டர். நிலத்தில் இறங்கியதில் பாதிதான் கிணற்றுக்குத் திரும்பும் என்று கொண்டாலும், ஏறத்தாழ மூன்று மாதத் தேவை தீர்கிறது.

பிறகு ஏன் தோற்றது? 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். குழாயும் குழியும் வந்தன, பராமரிப்பு வரவில்லை. வடிகட்டித் தொட்டியின் மணலும் ஜல்லியும் சேறு ஏறி அடைத்துக்கொள்கின்றன; ஐப்பசிக்கு முன் யாரும் அள்ளிக் கழுவுவதில்லை. களிமண் நிலத்தில் ஆழமில்லாத உறிஞ்சுகுழி வெட்டினால் தண்ணீர் உள்ளே இறங்காது. இவை திருத்தக்கூடிய குறைகள். பராமரிப்பில்லாவிட்டால் ஆலையின் சவ்வும்தான் அடைத்துக்கொள்ளும். அதற்காக ஆலையை மூடச் சொல்வார்களா?

துண்டு 3: "செலவு குறைந்துவிட்டது" என்றிருந்தால்

குறைந்தது உண்மை. ஆனால் எதிர்ச் சவ்வூடு முறையில் 1,000 லிட்டருக்கு இன்றும் சுமார் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். 10 கோடி லிட்டருக்கு நாளைக்குக் குறைந்தது 3 லட்சம் யூனிட். உள்ளே எடுத்த நீரில் பாதிக்கு மேல் அடர்ந்த உப்புநீராகக் கடலுக்குத் திரும்புகிறது. அங்கே வலை வீசுபவர்களின் இழப்பை எதிரணியின் விலைக் கணக்கில் நாங்கள் கேட்கவில்லை.

துண்டு 4: "இஸ்ரேலைப் பாருங்கள்" என்றிருந்தால்

பார்க்கிறோம். அந்த நாடு கடல்நீரோடு நிற்கவில்லை. கழிவுநீரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைச் சுத்திகரித்துப் பெரும்பாலும் வேளாண்மைக்குத் தருகிறது. அவர்கள் காட்டிய உதாரணமே தலைப்பின் ஏகாரத்துக்கு எதிராக நிற்கிறது.

(எதிரணி இந்த நான்கையும் தொடாமல் வேறு ஒன்றைச் சொன்னால்: "அவர்கள் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஆலை தேவை என்பது வரும். மற்றவை தேவையில்லை என்பது வருமா?" என்று கேட்டுவிட்டு துண்டு 2க்குப் போகவும்.)

முடிப்பு (30 நொடி)

நடுவர் அவர்களே, எதிரணியின் மூன்று பேச்சுகளையும் வைத்துப் பாருங்கள். ஆலை நல்லது என்பதற்குச் சான்று வந்தது. பூண்டியும் செம்பரம்பாக்கமும் செங்குன்றமும் வீட்டுக் கிணறும் பயனற்றவை என்பதற்குச் சான்று வரவில்லை. அந்த ஏகாரத்தை நிறுவும் பொறுப்பு அவர்களுடையது. அது நிறைவேறவில்லை என்பதால் தலைப்பை நிராகரிக்கக் கேட்கிறோம்.