இடது புருவம் கொஞ்சம் மேலே

அனைவருக்கும் வணக்கம். நம் புழுவெட்டுக் குழுவுக்கு இன்று முதல் முறையாக வந்தவர்கள் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்தேன், எழுந்து ஓட வசதியாக.

எனக்கு இது தொடங்கி 14 வருடங்கள் ஆகின்றன. தலை பின்னிக்கொண்டிருந்த அக்காவின் விரல் பின்மண்டையில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. நாணயம் அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம். மூன்றே வருடங்களில் தலை, புருவம், இமை எதுவும் மிஞ்சவில்லை. முடி போனால் அழகு போகும் என்றார்கள். இமைமுடி இல்லாவிட்டால் தூசி நேராகக் கண்ணில் விழும், புருவம் இல்லாவிட்டால் வியர்வை கண்ணுக்குள் வழியும், மூக்கினுள் முடி இல்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் மூக்கு ஒழுகும் என்பதை யாரும் சொல்லவில்லை. கைக்குட்டை இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

புழுவெட்டு என்கிறோம். புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே மயிர்க்கால்களை எதிரியாக எண்ணித் தாக்குகின்றன. தொற்றாது. மயிர்க்கால் செத்துப்போவதும் இல்லை. அதனால்தான் பல வருடங்கள் கழித்தும் முடி முளைக்கக்கூடும்.

ஆறாவது வருடம் எனக்கும் முளைத்தது. பிடரியில் வெள்ளை வெளேரென்று, பூனைக்குட்டியின் ரோமம் போல. அப்போது ஓர் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். விடுவேனா? இந்தக் குழுவில் ஏழெட்டுப் பேரை அதை வாங்க வைத்தேன். நான்கே மாதங்களில் எல்லாம் தலையணையில் கிடந்தது, எண்ணெயை ஒரு நாளும் நிறுத்தாமலே. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று இன்னொரு முறையும் கேட்கிறேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது: முளைத்ததற்கு நான் காரணம் இல்லையென்றால், உதிர்ந்ததற்கும் நான் காரணம் இல்லை. 'ரொம்பக் கவலைப்பட்டாயோ?' என்று கேட்பவர்களுக்கு இப்போது நான் பதில் சொல்வதில்லை. முடி கொட்டிய பிறகுதான், அம்மா, நான் கவலையே பட ஆரம்பித்தேன்!

2022இல் பாரிசிட்டினிப் என்ற மாத்திரையைக் கடுமையான புழுவெட்டுக்குத் தர அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கடுமையாக முடி இழந்தவர்களில் சிலருக்கு நன்றாகவே வளர்கிறது. நிறுத்தினால் மறுபடி கொட்டலாம், பக்கவிளைவுகளும் உண்டு. நான் எடுக்கவில்லை. இங்கே எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எடுத்தால் தன்னை ஏற்காதவள், எடுக்காவிட்டால் சோம்பேறி என்ற பேச்சு மட்டும் நமக்குள் வேண்டாம்.

விக் வைத்திருப்பவர்கள் கழற்ற வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. எனக்கு வியர்க்கிறது, கழற்றிவிடுகிறேன்.

கூட்டம் முடிந்ததும் புருவம் வரையக் கற்றுத்தருகிறேன். பென்சில் கொண்டுவந்திருக்கிறேன். 11 வருடப் பழக்கம், இருந்தும் இடது புருவம் கொஞ்சம் மேலேதான் போகும். எதையோ நம்பாதவள் போலவே இருப்பேன். கதவுப் பக்கம் இருப்பவர்கள் முதலில் வாருங்கள்.