ல, ள, ழ ஒலிகளைப் பிரித்தறிதல்: நேரியல் பாகுபடுத்தல் பகுப்பாய்வின் முடிவுகள்

சிங்கப்பூரில் பிறந்து, தொடக்கநிலை ஒன்றிலிருந்து தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்த 19 முதல் 24 வயதுக்குட்பட்ட 16 பெண்களின் வாசிப்புப் பதிவுகளிலிருந்து இந்தத் தரவு பெறப்பட்டது. ஓர் ஒலியின் அளவீடுகளை மட்டும் கொண்டு, பேசியவர் முன்னிருந்த அட்டையில் ல, ள, ழ ஆகியவற்றுள் எந்த எழுத்து இருந்தது என்பதைக் கணிக்க முடியுமா, முடியுமானால் இதுவரை கேட்டறியாத ஒருவரின் பேச்சிலும் அக்கணிப்பு நிற்குமா என்பதே இப்பகுதியின் கேள்வி.

தரவும் குழுக்களும்

கலை–களை–கழை, ஒலி–ஒளி–ஒழி, வலி–வளி–வழி, அலை–அளை–அழை, தலை–தளை–தழை என்னும் ஐந்து சொல்மூன்றுகளை ஒவ்வொருவரும் "நான் … என்று சொன்னேன்" என்ற சட்டகத்தில் வைத்து இருமுறை வாசித்தனர். ஆளுக்கு 30 வீதம் 480 ஒலிகள் கிடைத்தன. பதிவுகள் ஈசூன் வட்டாரத்தில் ரயில் தடத்துக்கு அருகிலிருந்த ஒரு வீட்டில் நடந்ததால், ரயில் இரைச்சல் மேலேறிய 11 ஒலிகளை நீக்கினோம். அட்டையிலிருந்த சொல்லுக்குப் பதிலாக வேறொரு சொல்லையே வாசித்துவிட்ட 7 ஒலிகளும் நீக்கப்பட்டன. எஞ்சியவை 462: ல 156, ள 151, ழ 155.

ஓர் ஒலி எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதை அட்டையிலிருந்த எழுத்தே தீர்மானித்தது. எங்கள் காது தீர்மானிக்கவில்லை. ழகரம் ளகரம்போல் ஒலித்தது என்பதற்காக ஒரு பதிவைக்கூட நாங்கள் விலக்கவில்லை. அப்படி விலக்கியிருந்தால் துல்லியம் கூடியிருக்கும், ஆனால் அந்தத் துல்லியத்துக்குப் பொருளே இருந்திருக்காது.

பகுப்பாய்வு முறை

கணிப்பு மாறிகள் ஏழு: ஒலியின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களில் பிராட் மென்பொருள் வழி அளந்த இரண்டாம், மூன்றாம் ஃபார்மன்ட்களின், அதாவது குரல் பாதையின் ஒத்ததிர்வுகளின், அதிர்வெண்கள், அவற்றோடு ஒலியின் கால அளவு. இரண்டு ஃபார்மன்ட்களுக்கும் இடையிலான வேறுபாட்டையும் எட்டாம் மாறியாகச் சேர்க்கும் எண்ணம் முதலில் இருந்தது. ஏற்கெனவே உள்ள இரண்டின் கழித்தலாகவே அது அமைவதால், புதிய செய்தி எதையும் தராமல் கெழுக்களை நிலைகுலையச் செய்யும் என்று கருதி விட்டுவிட்டோம். குரல் பாதையின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒவ்வொரு மாறியும் அந்தந்தப் பேச்சாளரின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கொண்டு தரப்படுத்தப்பட்டது. இந்தத் தரப்படுத்தலுக்குக் குழுப் பெயர்கள் பயன்படுத்தப்படவில்லை.

மாறிகளை எடையிட்டுக் கூட்டிய சார்புகளால் குழுக்களைப் பிரிக்கும் நேரியல் பாகுபடுத்தல் பகுப்பாய்வில், மூன்று குழுக்களுக்கும் முன்நிகழ்தகவு சமமாக, அதாவது மூன்றில் ஒன்றாக, வைக்கப்பட்டது. குழுக்களின் மாறல்–உடன்மாறல் அணிகள் சமமானவை என்ற எடுகோள் நிறைவேறவில்லை (பாக்ஸ் M = 131.7, p < 0.001). இவ்வளவு பெரிய மாதிரியில் இச்சோதனை சிறு வேறுபாட்டையும் எளிதில் குறிப்பிடத்தக்கதாகக் காட்டிவிடும் என்பதால், அதை மட்டும் நம்பாமல் இருபடிப் பாகுபடுத்தல் பகுப்பாய்வையும் செய்து ஒப்பிட்டோம். கீழே விளக்கப்படும், பேச்சாளரை விலக்கும் சரிபார்ப்பில் அது 66.0 விழுக்காடு துல்லியம் தந்தது. நேரியல் முறையைவிட அது மேலானதாக இல்லாததால் எளிய முறையையே தக்கவைத்தோம்.

பாகுபடுத்தல் சார்புகள்

குழுக்கள் மூன்று என்பதால் சார்புகள் இரண்டு கிடைத்தன. இரண்டும் சேர்ந்த நிலையில் வில்க்ஸ் லாம்டா 0.301, χ²(14) = 547.62, p < 0.001. முதல் சார்பை நீக்கிய பின் எஞ்சியது 0.806, χ²(6) = 98.09, p < 0.001. முதல் சார்பின் ஐகென் மதிப்பு 1.68, நியமன ஒட்டுறவு 0.792, குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டில் 87.5 விழுக்காட்டை அது தாங்கி நிற்கிறது. இரண்டாம் சார்பின் ஐகென் மதிப்பு 0.24, நியமன ஒட்டுறவு 0.440, பங்கு 12.5 விழுக்காடு. ஒரே பேச்சாளரின் 30 ஒலிகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல என்பதால் மேற்கண்ட p மதிப்புகளை அவற்றின் எழுத்துப்படி ஏற்க இயலாது. முடிவுக்குரிய சான்றாக நாங்கள் கொள்வது கீழே வரும் வகைப்பாட்டுத் துல்லியத்தையே.

குழு மையங்கள் முதல் சார்பில் ல 1.78, ள −0.62, ழ −1.19 என்றும், இரண்டாம் சார்பில் ல 0.12, ள −0.66, ழ 0.52 என்றும் அமைந்தன. முதல் சார்போடு மிக நெருங்கிய தொடர்புடையது ஒலியின் நடுவில் அளந்த மூன்றாம் ஃபார்மன்ட் (கட்டமைப்புக் கெழு 0.81). நுனிநா மேல்நோக்கி வளையும்போது இந்த அதிர்வெண் தாழ்வது ஒலியியலில் நன்கறியப்பட்ட செய்தி. லகரத்தை மற்ற இரண்டிலிருந்தும் இச்சார்பு பிரிப்பதும் அதற்கேற்பவே உள்ளது. ளகரத்தையும் ழகரத்தையும் பிரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் இரண்டாம் சார்பின்மேல் விழுகிறது. அதில் கால அளவே முன்னிற்கிறது (−0.61): நாக்கு அண்ணத்தைத் தொட்டு நிற்கும் ளகரம், தொடாமல் நழுவும் ழகரத்தைவிட இத்தரவில் சற்று நீண்டிருக்கிறது.

வகைப்பாட்டுத் துல்லியமும் குறுக்குச் சரிபார்ப்பும்

சார்புகளை உருவாக்கிய அதே 462 ஒலிகளையே திரும்ப வகைப்படுத்தியபோது 359 சரியாக அமைந்தன, துல்லியம் 77.7 விழுக்காடு. லாக்கன்புரூக் 1967இல் முன்வைத்த, ஒவ்வொன்றாக விலக்கிக் கணிக்கும் முறையில் இது 347 ஆக, அதாவது 75.1 விழுக்காடாகக் குறைந்தது. வழக்கமான அறிக்கைகள் இந்த இரண்டாம் எண்ணோடு நின்றுவிடும். எங்கள் தரவுக்கு அது போதாது. ஓர் ஒலியை விலக்கும்போதும் அதே பெண்ணின் மீதி ஒலிகள், பெரும்பாலும் அதே சொல்லை அவர் இரண்டாம் முறை வாசித்த பதிவு உட்பட, பயிற்சித் தரவிலேயே இருக்கின்றன. அவரது பேச்சுப் பழக்கம் சார்புக்கு முன்பே அறிமுகமாகிவிடுகிறது. ஆகவே ஒரு பேச்சாளரின் எல்லா ஒலிகளையும் ஒருசேர விலக்கி, மற்ற 15 பேரைக் கொண்டு சார்பை உருவாக்கி, விலக்கப்பட்டவரைக் கணித்தோம். R மொழியில், MASS தொகுப்பைக் கொண்டு இதற்குப் பயன்படுத்திய வரிகள் இவை:

```r
library(MASS)
kani <- factor(rep(NA, nrow(d)), levels = levels(d$oli))
for (s in unique(d$aal)) {
  out <- d$aal == s
  m <- lda(oli ~ F2a + F2b + F2c + F3a + F3b + F3c + kaalam,
           data = d[!out, ], prior = c(1, 1, 1) / 3)
  kani[out] <- predict(m, d[out, ])$class
}
table(d$oli, kani)
```

இம்முறையில் 312 ஒலிகள் சரியாகக் கணிக்கப்பட்டன. துல்லியம் 67.5 விழுக்காடு, பேச்சாளர்களை அலகாகக் கொண்டு மறுமாதிரி எடுத்துப் பெற்ற 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி 61.2 முதல் 73.6 வரை. தற்செயலாக நேரும் ஒற்றுமையைக் கழித்துக் காணும் கோஹன் காப்பா 0.51. இந்த ஆய்வின் துல்லியம் என்று நாங்கள் முன்வைப்பது இதையே, 77.7ஐ அன்று.

| அட்டையிலிருந்த எழுத்து | ல எனக் கணித்தது | ள எனக் கணித்தது | ழ எனக் கணித்தது | மொத்தம் | சரியானவை (%) |
|---|---|---|---|---|---|
| ல | 131 | 19 | 6 | 156 | 84.0 |
| ள | 17 | 78 | 56 | 151 | 51.7 |
| ழ | 5 | 47 | 103 | 155 | 66.5 |

மிகப் பெரிய குழுவின் பெயரையே எல்லா ஒலிக்கும் சூட்டினால்கூட 33.8 விழுக்காடு சரியாகியிருக்கும். ஒப்பீட்டுக்குரிய அடித்தளம் அது. அதற்கும் மேலாக, ஒவ்வொரு பேச்சாளருக்குள்ளும் குழுப் பெயர்களைத் தாறுமாறாகக் கலைத்து, அதே சரிபார்ப்பை 1,000 முறை செய்து பார்த்தோம். அந்த 1,000 முயற்சிகளில் எட்டிய உச்சம் 40.9 விழுக்காடு (p ≈ 0.001). எனவே கணிப்பு தற்செயலானது அன்று. அதே வேளையில் அது மூன்று எழுத்துகளுக்கும் ஒன்றுபோல் பொருந்துவதும் அன்று: மொத்தப் பிழைகள் 150இல் 103, அதாவது 68.7 விழுக்காடு, ளகரத்துக்கும் ழகரத்துக்கும் இடையிலேயே நிகழ்ந்தன. ழ எனக் கணிக்கப்பட்ட 165 ஒலிகளில் உண்மையில் ழகரமாக இருந்தவை 103 (62.4 விழுக்காடு) மட்டுமே. மொத்தத் துல்லியம் என்ற ஓர் எண்ணை மட்டும் தந்திருந்தால், லகரத்தின் 84 விழுக்காடு இந்த நலிவை மறைத்திருக்கும்.

பேச்சாளருக்குப் பேச்சாளர் வேறுபாடு

விலக்கப்பட்ட பேச்சாளர் வாரியாகப் பார்த்தால் துல்லியம் 43.3 முதல் 90.0 விழுக்காடு வரை விரிகிறது. இரு எல்லைகளிலும் நிற்பவர்களைத் தனியே குறிப்பிட வேண்டும். பன்னிரண்டாம் பேச்சாளரின் 30 ஒலிகளில் 27 சரியாகக் கணிக்கப்பட்டன. 'வழி' என்ற சொல்லை இரண்டாம் முறை வாசித்தபோது அவரது மூன்றாம் ஃபார்மன்ட் நடுவில் 1,790 ஹெர்ட்ஸுக்குத் தாழ்ந்தது. அதே சொல்லில் ஏழாம் பேச்சாளருக்கு அது 2,510 ஹெர்ட்ஸில் நின்றது. அவரது 30 ஒலிகளில் சரியாகக் கணிக்கப்பட்டவை 13 மட்டுமே: ல பத்தும் சரி, ள பத்தில் ஏழு லகரமாகவும் ஒன்று ழகரமாகவும், ழ பத்தில் எட்டு ளகரமாகவும் ஒன்று லகரமாகவும் கணிக்கப்பட்டன. பிழைகள் சிதறிக் கிடக்கவில்லை. ளகரம் லகரத்தின் இடத்துக்கும், ழகரம் ளகரத்தின் இடத்துக்கும் ஒரு படி நகர்ந்திருக்கின்றன. அவர் மூன்றையும் குழப்புகிறார் என்று இதைப் படிப்பது தவறு. மற்ற 15 பேரிடமிருந்து உருவான எல்லைக்கோடு அவரது ஒழுங்குக்குப் பொருந்தவில்லை என்பதே இத்தரவு காட்டுவது. பிழை விகிதத்தை உச்சரிப்புத் திறனுக்கான மதிப்பெண்ணாகக் கொள்ளக் கூடாது என்று நாங்கள் வலியுறுத்துவதற்கு இவருடைய பதிவுகளே காரணம்.

வரம்புகள்

கழை, அளை, வளி போன்ற சொற்கள் இன்றைய பேச்சில் அரிதானவை. அவற்றை எழுத்தெழுத்தாகக் கூர்ந்து வாசித்திருக்கக்கூடும் என்பதால், இயல்பான உரையாடலில் துல்லியம் இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். எல்லாப் பேச்சாளர்களும் பெண்கள். ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் இச்சார்புகளை அப்படியே பொருத்தலாகாது. தரப்படுத்தலுக்கு ஒருவரின் எல்லா ஒலிகளும் முன்கூட்டியே தேவைப்படுவதால், முன்பின் தெரியாத ஒருவரின் ஒரே ஒரு சொல்லை வைத்து இம்முறையில் கணிக்க இயலாது. பேச்சாளருக்குப் பதிலாகச் சொல்மூன்றுகளை ஒவ்வொன்றாக விலக்கிச் சரிபார்த்தபோது துல்லியம் 73.4 விழுக்காடாக (462இல் 339) இருந்தது. புதிய சொல்லைவிடப் புதிய ஆளே இக்கணிப்புக்குக் கடினம் என்பதால், அடுத்த கட்டப் பதிவில் சொற்களைக் கூட்டாமல் பேச்சாளர்களை 40 ஆகக் கூட்டுகிறோம்.